மூன்று புள்ளி முன்னிலை, பத்து விநாடி

2008 ஏப்ரல் 7, சான் அன்டோனியோ. அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பால் இறுதிப் போட்டி. ஆட்டம் முடிய 2 நிமிடம் 12 விநாடி இருந்தபோது கான்சஸை விட மெம்ஃபிஸ் 9 புள்ளி முன்னே நின்றது. அந்த சீசன் முழுக்க ஃப்ரீ த்ரோவில் சுமார் 61 சதவீதம்தான் போட்ட அணி அது. கடைசி ஒன்றேகால் நிமிடத்தில் கிடைத்த ஐந்து ஃப்ரீ த்ரோக்களில் நான்கைத் தவறவிட்டது. 10.8 விநாடி மிச்சமிருக்க, டெரிக் ரோஸ் இரண்டில் ஒன்றைப் போட்டார். 63-60. பந்து கான்சஸ் கையில்.

இங்கே மெம்ஃபிஸ் வேண்டுமென்றே ஃபவுல் செய்திருக்க வேண்டுமா?

சராசரிக் கணக்கு வேண்டாம் என்கிறது. ஓர் அணிக்குப் பந்து கிடைக்கும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு புள்ளி வருகிறது என்று வையுங்கள். 75 சதவீதம் போடும் ஆட்டக்காரரை ஃப்ரீ த்ரோ கோட்டில் நிறுத்தினால் அவருக்கு இரண்டு எறிதலில் சராசரியாக ஒன்றரைப் புள்ளி. அரைப் புள்ளியைச் சும்மா தூக்கிக் கொடுப்பதாகத்தான் தெரியும். முன்னிலை இரண்டு புள்ளியாக இருந்தால் அது உண்மையும்கூட. ஆட்டத்தைச் சமன் செய்ய அவர்களுக்கு அந்த இரண்டு எறிதலே போதும்.

ஆனால் முன்னிலை மூன்று என்றால் சராசரிக்கு வேலையில்லை. கான்சஸுக்குத் தேவை சரியாக மூன்று புள்ளி. இரண்டு ஃப்ரீ த்ரோவில் அது வராது.

ஃபவுல் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? அவசரத்தில் எறியும் த்ரீ பாயிண்டர் பத்துக்கு மூன்று முறை விழும் என்று கொள்வோம். விழுந்தாலும் ஓவர்டைம்தான், அதில் பாதிக்குப் பாதி. அப்படியானால் தோற்கும் வாய்ப்பு சுமார் 15 சதவீதம். இதோடு ரீபவுண்டையும் சேர்க்க வேண்டும். 2013 என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் சான் அன்டோனியோ மூன்று புள்ளி முன்னிலையில் ஃபவுல் செய்யாமல் விட்டது. லெப்ரான் ஜேம்ஸ் எறிந்தது விழவில்லை. கிறிஸ் போஷ் ரீபவுண்ட் எடுத்துக் கொடுக்க, ரே ஆலன் மூலையிலிருந்து போட்டுவிட்டார். ஒரு வாய்ப்பு இரண்டாகிவிட்டது.

ஃபவுல் செய்தால்? ஆறு விநாடி இருக்கும்போது செய்வதாக வைத்துக்கொள்வோம். எதிரணிக்கு ஒரு வழி: முதலாவதைப் போட்டு, இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட்டு, அந்த ரீபவுண்டைப் பிடித்து மீண்டும் போடுவது. நான்கில் மூன்று, ஏழில் ஒன்று, இரண்டில் ஒன்று என்று பெருக்கினால் 5 சதவீதத்தைச் சற்றே தாண்டும். அதுவும் ஓவர்டைம் வரைக்கும்தான்.

இன்னொரு வழி, இரண்டையும் போட்டுவிட்டு உடனே நம்மை ஃபவுல் செய்வது. இரண்டும் விழ வாய்ப்பு 56 சதவீதம். அப்போது முன்னிலை ஒன்று. கோட்டில் நிற்பது நம் ஆள். இந்த இடத்தில்தான் எதிரணியின் சதவீதத்தை விட நம் சதவீதம் முக்கியமாகிறது. 80 சதவீதம் போடுபவர் இரண்டையும் தவறவிடுவது நூற்றுக்கு நான்கு முறை. 61 சதவீதம் போடுபவர் பதினைந்து முறை. அப்படித் தவறினால் நான்கைந்து விநாடியில் ஒரு சாதாரண கூடை போதும், எதிரணி ஜெயித்துவிடும். எஞ்சிய விநாடிகளில் கூடை விழும் வாய்ப்பையும் தோராயமாகச் சேர்த்துப் பார்த்தேன். மெம்ஃபிஸ் மாதிரி அணிக்குக்கூட தோல்வி வாய்ப்பு பத்து சதவீதத்தை ஒட்டியே வருகிறது. பதினைந்தை விட நல்லதுதான், ஆனால் சில சதவீத வித்தியாசம்தான். பதினைந்து இருபது விநாடி மிச்சமிருந்தால் இந்தக் கொடுக்கல் வாங்கல் இரண்டு சுற்று ஓடும்; அந்த லாபமும் கரைந்துவிடும். ஆகவே என் ஓட்டு: ஏழு விநாடிக்குக் கீழே ஃபவுல், அதற்கு மேலே தடுப்பாட்டம்.

காகிதத்தில் எழுதுவது சுலபம். ஆள் எறியக் கை தூக்கிய பிறகு தொட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ. பந்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்து இழுத்தால் ஃப்ரீ த்ரோவோடு பந்தும் போகலாம். எனவே பந்தைத் தட்டி ஓடிவருபவரை, அவர் த்ரீ பாயிண்ட் கோட்டை நெருங்கும் முன்பே, பந்துக்குக் கை நீட்டுவது போலவே பிடிக்க வேண்டும். நடுவர் கண்ணில் படும்படி தெளிவாகவும் இருக்க வேண்டும்.

மெம்ஃபிஸ் பயிற்சியாளர் ஜான் கலிபாரியும் ஃபவுலைத்தான் விரும்பினார். ஷெரான் காலின்ஸ் பந்தோடு ஓடிவர, ரோஸ் அவரை உரசினார். நடுவர் விசில் ஊதவில்லை. காலின்ஸ் தடுமாறியபடியே பந்தை மாரியோ சால்மர்ஸிடம் தள்ளினார். சால்மர்ஸ் எறிந்தது விழுந்தபோது கடிகாரத்தில் 2.1 விநாடி. 63-63. ஓவர்டைம் முடிவில் கான்சஸ் 75, மெம்ஃபிஸ் 68.