நலுங்கில் ஏசல்

19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையிறங்கி மாத்தளைக்கு நடந்துவந்த தோட்டத் தொழிலாளர், தம் சடங்குப் பாடல்களையும் உடன் கொண்டுவந்தனர். நலுங்கில் பெண்வீட்டார் மாப்பிள்ளையின் அழகையும் அவன் தாயின் கஞ்சத்தனத்தையும் ஏசுவர். மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்து சிரிப்பர்.

இவ்வசை இனிப்பதேன்? பாடுவோர் மச்சினி முதலான கேலிமுறை உடையோர். முறையில்லாதவர் ஏசவியலாது; எனவே ஏசலே புதிய உறவை ஊரறிய ஏற்பதாகும். மேலும், ஒரு பானைச் சோற்றையும் ஒருத்தியே உண்டாள் என்னும் மிகையை எவரும் நம்பார். உண்மையான கடனையோ உடற்குறையையோ தொட்டால் சிரிப்பு அடங்கும், எதிர்ப்பாட்டும் எழாது. ஏசல் எல்லை மீறியதன் அடையாளம் அதுவே.

இதனைப் பெண்களின் எதிர்ப்புக் குரலென மட்டும் கொள்ளுதல் பொருந்தாதெனக் கருதுகிறோம். மாமியாரை ஏசியவர்கள் தத்தம் லயத்துக்குத் திரும்புவர். அம்மாமியாரோடு வாழப்போகும் மணமகளோ, பாட்டு முடியும்வரை தலைகுனிந்து மௌனமாகவே இருக்கிறாள்.