‘நடு அளவு’ சிறுகதையில் சராசரியும் உடலும்

ஆய்வுச் சுருக்கம்

பள்ளிச் சீருடை தைக்கும் பெண்ணொருத்தியை மையமாகக் கொண்ட ‘நடு அளவு’ என்னும் சிறுகதை, சராசரி அளவில் வெட்டப்பட்ட உடை ஏன் ஏறத்தாழ எவருக்கும் பொருந்துவதில்லை என்ற வினாவைத் தொழில்சார் நுட்பத்தோடு கையாள்கிறது. அவ்வினாவுக்குக் கதை தரும் விடையையும், இறுதிப் பகுதியில் கதை அவ்விடையிலிருந்து விலகிச் செல்வதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிறுகதை, சீருடை, தையல், சராசரி, உழைப்பு, உடல்

கதையும் கணக்கும்

கதைத்தலைவி மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் உறுப்பினர். வெட்டிய துணிக்கட்டைச் சங்கத்தில் பெற்று, வீட்டில் வைத்துத் தைத்து, எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி வாங்குபவர். ஏழாம் வகுப்பு மாணவர் நாற்பது பேருக்குத் தைத்த சட்டையும் கால்சட்டையும் பொருந்தவில்லை என்று திரும்பி வருகின்றன. கூலியின்றித் திருத்தித் தரும்படி சங்கத்தில் கூறுகின்றனர். அவர் முதலில் ஐயுறுவது தம் கையைத்தான். பிரித்துப் பார்க்கிறார், தையல் கோடு பிசகவில்லை. பிறகு டேப்பையும் மகளின் பழைய நோட்டையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குச் செல்கிறார்.

கதையின் நடுப்பகுதி முழுவதும் அந்த நோட்டுதான். மார்பு, தோள், சட்டை நீளம், இடுப்பு, கால்சட்டை நீளம் என ஐந்து பத்திகளில் நாற்பது பேரின் அளவுகள். ஒவ்வொரு பத்தியையும் கூட்டி நாற்பதால் வகுக்கிறார். மார்பு 28 அங்குலம், தோள் 13, சட்டை நீளம் 23 என்று வருகிறது. சங்கத்தின் வெட்டு அட்டையிலும் அதே எண்கள். அட்டை தவறாக இருக்கும் என்று நம்பிச் சென்றவருக்கு அது சரியாக இருப்பதே அதிர்ச்சி. குற்றவாளியைத் தேடும் எளிய கதையாக முடிந்திருக்கக்கூடியது, இவ்விடத்தில்தான் வேறொன்றாகிறது.

அதன்பின் பென்சிலால் குறியிடுகிறார். மார்பளவு ஓர் அங்குலத்திற்குள் ஒத்துவரும் சிறுவர் பதினேழு பேர். அவர்களுள் தோளும் அரை அங்குலத்திற்குள் ஒத்தவர் எட்டுப் பேர். சட்டை நீளத்தையும் சேர்த்தால் நால்வர். இடுப்பையும் சேர்த்தால் இருவர். கால்சட்டை நீளம் வரை ஒத்துவருபவன் ஒருவன் மட்டுமே.

இவ்வீழ்ச்சிக்கான காரணத்தைக் கதையில் வரும் ஆசிரியர், சிலர் நெட்டையர், சிலர் குட்டையர் என்று விளக்குகிறார். இது போதாத விளக்கம். உயர வேறுபாடு மட்டுமே சிக்கலாயின், சிறியது, நடு, பெரியது என மூன்று அளவுகள் வெட்டினால் தீர்ந்துவிடும். உண்மையான காரணம் நோட்டிலேயே இருக்கிறது. மார்பு 28 உள்ள இரு சிறுவர்களுள் ஒருவனுக்குத் தோள் 12, மற்றவனுக்கு 14. முன்னவனுக்குத் தோள் தையல் இறங்கிக் கையின் மேல் தொங்குகிறது. பின்னவன் கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தினால் முதுகில் துணி இழுத்துக் கக்கத்திலிருந்து சுருக்கங்கள் ஓடுகின்றன. உடலின் அளவுகள் ஒன்றோடொன்று ஓரளவே இணைந்து வளர்கின்றன, முழுமையாக அல்ல. ஒவ்வொரு பத்தியிலும் நடுவில் நிற்பவர் பலர் இருந்தாலும், எல்லாப் பத்திகளிலும் நடுவில் நிற்பவர் அரியர். சராசரி என்பது பத்தியின் பண்பு, உடலின் பண்பன்று. மார்பளவை மட்டும் கொண்டு பல அளவுகள் வெட்டப்படும் இடத்திலும் இச்சிக்கல் குறையுமேயன்றி மறையாது.

கதையின் எண்கள் மிகையானவையோ என்று வாசகர் ஐயுறலாம். அமெரிக்க விமானப்படைக்காகக் கில்பர்ட் டேனியல்ஸ் செய்த ஆய்வு இதற்கு நல்ல ஒப்பீடு. 1950இல் அளவெடுக்கப்பட்ட 4,063 விமானிகளின் விவரங்களிலிருந்து, உடை வடிவமைப்புக்குத் தேவையான பத்து அளவுகளை அவர் எடுத்துக்கொண்டார். ஒவ்வோர் அளவிலும் நடுப்பகுதியை விரிவாகவே வரையறுத்தும், பத்திலும் அதற்குள் அடங்கியவர் ஒருவரும் இல்லை. மூன்று அளவுகளை மட்டும் கொண்டாலும் நூற்றுக்கு நால்வர்கூடத் தேறவில்லை. வளரும் வயதில் உயரமும் பருமனும் சேர்ந்தே ஏறுவதால், பள்ளி வகுப்பொன்றில் எண்கள் இத்தனை விரைவாகச் சரிய வேண்டியதில்லை என்று வாதிடலாம். ஆயினும் கதை காட்டும் திசை சரியானதே.

வெட்டும் கையும் தைக்கும் கையும்

இக்கதையின் வலிமை கணக்கில் மட்டும் இல்லை. கணக்கின் விலையை யார் கொடுக்கிறார் என்பதில் இருக்கிறது. சங்கத்தில் துணியை வெட்டுபவர் வேறு, தைப்பவர் வேறு. தோள் வெட்டும் கழுத்து வெட்டும் அட்டையின்படி முன்பே முடிந்துவிட்டன. தைப்பவர் கையில் எஞ்சியிருப்பது தையலுக்கு விடும் அரை அங்குலத் துணி மட்டுமே. பிழை வெட்டில் நிகழ்கிறது. முறையீடோ தைத்தவரிடம் வருகிறது. மேற்பார்வையாளர் அவரை உறுப்பினர் எண்ணால் மட்டும் குறிப்பிடுவதும், சிறுவர்கள் ‘அத்தை’ என்றழைப்பதும் எவ்வித அழுத்தமுமின்றி அடுத்தடுத்து வருகின்றன. ஆசிரியரின் கட்டுப்பாட்டுக்கு இது ஒரு சான்று.

பழியின் மற்றொரு பங்கு சிறுவர்களுக்குச் செல்கிறது. தோள் இறங்கிய சட்டைக்காரன் ஒழுங்கற்றவன் என்று ஏசப்படுகிறான். பொத்தான் இழுத்துப்பிடித்த சட்டைக்காரன் கேலிக்குள்ளாகிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜிய அறிஞர் அடால்ஃப் கெத்தலே ‘சராசரி மனிதன்’ என்ற கருத்தை முன்வைத்தபோது, சராசரியை இலக்காகவும் அதிலிருந்து விலகும் உடல்களைப் பிழைகளாகவும் கண்டார். கதையின் வகுப்பறை அப்பார்வையை அறியாமலேயே கைக்கொள்கிறது. உடை உடலுக்குப் பொருந்தவில்லை என்று அங்கு யாரும் சொல்வதில்லை.

இதற்கு அடுத்து வரும் பக்கமே கதையின் உச்சம் என்பது என் கருத்து. இரவில் தம் மகனின் பழைய சட்டையைப் பிரித்துப் போட்டு, எதை மாற்ற முடியும், எதை முடியாது என்று கதைத்தலைவி பிரித்தறிகிறார். கால்சட்டையின் அடியில் இரண்டு அங்குலம் மடித்து விட்டால் பின்னர் இறக்கலாம். இடுப்பில் பின்புறம் எலாஸ்டிக் கொடுத்தால் ஓர் அளவு பலருக்கும் ஆகும். தோளை மட்டும் தைத்த பின் பெரிதாக்க இயலாது. ஆகவே தோளைக் கொண்டு அளவுகளைப் பிரித்து, மற்றவற்றை நெகிழ்வாக விட வேண்டும். விமானி அறைகளில் நகர்த்தக்கூடிய இருக்கைகளுக்கு இடமளித்த சிந்தனையும் அடிப்படையில் இதுவே: நடுவைத் தேடாமல், மாறும் இடத்தை மாறவிடுதல். எழுத்தில் தேர்ச்சி குறைந்த ஒரு தொழிலாளி தம் கைப்பழக்கத்தின் வழியே இம்முடிவை எட்டுவதைக் கதை எந்த வியப்புமின்றிச் சொல்கிறது.

இறுதிப் பகுதி

இத்தகைய கதை முடிவில் தன் கண்டுபிடிப்பைத் தானே கைவிடுவது ஏமாற்றமளிக்கிறது. கதைத்தலைவி வெட்டு அட்டையைக் கிழித்தெறிந்து, நாற்பது சிறுவருக்கும் தனித்தனியே அளவெடுத்துத் தைக்கத் தொடங்குகிறார். உணர்ச்சிகரமான காட்சிதான். ஆனால் அடுத்த ஆண்டு ஆயிரம் சட்டைகள் வரும்போது, கூலியில்லாத அந்த உழைப்பு எத்தனை நாள் தாங்கும்? அட்டையை எதிரியாக்கியதன் மூலம், வேறொரு அட்டை இருக்கக்கூடும் என்று முன் பக்கத்தில் தெளிந்த அறிவைக் கதை மறந்துவிடுகிறது. சுரண்டப்பட்டவரின் தியாகமே தீர்வாகிவிடுகிறது. மேற்பார்வையாளர் முன் அவர் அந்த நோட்டை விரித்துவைப்பதாகக் கதை நின்றிருந்தால், மறுக்கப்பட்டிருந்தாலும், அதன் கேள்வி மழுங்கியிருக்காது.

எல்லா அளவும் பொருந்திய அந்த ஒரு சிறுவனைக் கதை மறக்கவில்லை. கதைத்தலைவி அவனைத் தேடிச் செல்கிறார். அவனுடைய சட்டை வேறொருவனுக்கு மாறிப் போயிருக்கிறது; அவன் அணிந்திருப்பது அண்ணனின் பழைய சட்டை. முதல் வாசிப்பில் இது திட்டமிட்ட முரண்நகையாகத் தோன்றியது. மறுவாசிப்பில் கருத்து மாறியது. சட்டைகள் அனைத்தும் ஒரே அளவில் இருக்கும்போது, எது யாருக்குரியது என்று பார்க்க வழங்குபவருக்கு ஒரு காரணமும் இல்லை.