பார்லர் கதவில் ஒட்டிய விளம்பரம்

‘ஜூனியர் பியூட்டிஷியன் தேவை. பெண்கள் மட்டும். முன்அனுபவம் அவசியமில்லை, பயிற்சி அளிக்கப்படும். சம்பளம் 8,000 முதல் 15,000 வரை. நல்ல தோற்றம் வேண்டும். நேரில் வரவும்.’

நம் ஊர் பியூட்டி பார்லர்களின் கண்ணாடிக் கதவில் இப்படி ஒரு தாளைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆளை உள்ளே அழைக்கும் வேலையை இது நன்றாகவே செய்கிறது. ஐ.டி.ஐ.யில் ஓராண்டு அழகுக்கலைப் படிப்பு இருக்கிறது. தனியார் அகாடமிகளும் இருக்கின்றன. ஓராண்டைச் செலவிடவோ கட்டணம் கட்டவோ முடியாத வீட்டுப் பெண்ணுக்கு, ‘முன்அனுபவம் அவசியமில்லை’ என்ற வரிதான் இந்தத் தொழிலுக்குள் நுழையும் வழி. விளம்பரத்தில் எதை மாற்றினாலும் அந்த வரியை மட்டும் எடுத்துவிடக் கூடாது.

கோளாறு அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. ‘பயிற்சி அளிக்கப்படும்’ என்பதைப் படிக்கும் பெண், வந்த வாரமே புருவம் திருத்தக் கற்றுக்கொள்வோம் என்று நினைக்கிறாள். முதலாளியம்மாவோ தரை பெருக்க, துண்டு துவைக்க, வேக்ஸ் சூடாக்க, ஃபேஷியல் பேக் கலக்க ஒரு கை வேண்டும் என்று நினைக்கிறார். பயிற்சி என்பது ஓய்வு கிடைக்கும்போது நடப்பது. இரண்டு நினைப்பும் நியாயமானவைதான். ஆனால் இரண்டாம் மாதம் அவள் நின்றுவிடும்போது, ‘இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை இல்லை’ என்கிறார் இவர். ‘எடுபிடி வேலைதான் வாங்கினார்கள்’ என்கிறாள் அவள். சம்பள வரியிலும் இதே சிக்கல். வருகிறவள் கண்ணில் படுவது 15,000, கொடுப்பவர் மனத்தில் இருப்பது 8,000.

அதே தாளில் இப்படி எழுதியிருந்தால்? ‘முதல் மாதம் கருவிகளைச் சுத்தம் செய்வது, வேக்ஸ் தயாரிப்பு, தலை அலசுவது, தினமும் ஒரு மணி நேரம் த்ரெடிங் பயிற்சி. பிறகு சீனியர் பக்கத்தில் இருக்க வேக்ஸிங், பெடிக்யூர். சீனியர் சரி என்று சொன்ன பிறகே வாடிக்கையாளரின் புருவம். அன்றிலிருந்து சம்பளம் உயரும். ஹேர் கலரிங்கிலும் மணப்பெண் அலங்காரத்திலும் முதல் ஆண்டு உதவி மட்டும்.’ தொடக்கச் சம்பளத்தையும் உயர்வையும் தனித்தனி எண்ணாகப் போட்டுவிட வேண்டும்.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. தவறாக எடுத்த புருவம் மறுபடி வளர வாரக்கணக்கில் ஆகும். நூலைச் சரியாகப் பிடிக்காவிட்டால் தோல் கிழியும். வேக்ஸின் சூட்டை முதலில் தன் மணிக்கட்டில் பார்க்கப் பழகாதவள் வாடிக்கையாளரின் கையைச் சுட்டுவிடுவாள். ஹேர் டையில் உள்ள பி.பி.டி. என்ற பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். 48 மணி நேரம் முன்பே தோலில் தடவிச் சோதிக்க வேண்டிய வேலையைப் புதியவளிடம் விட முடியாது. அவளுடைய கையும் நாள் முழுக்க ஷாம்பூவிலும் ரசாயனத்திலும் ஊறும். ‘நல்ல தோற்றம்’ கேட்கிற இடத்தில், ‘தோல் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், கையுறை தரப்படும்’ என்று எழுதினால் இருவருக்கும் பயன். நிறம் குறைந்த பெண் படியேறாமல் திரும்பிப் போவதும் நிற்கும்.

நேரத்தையும் மறைக்கக் கூடாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி வழக்கமான வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்பதும் 2021 திருத்தத்தில் சேர்ந்தது. நின்றே செய்யும் இந்த வேலையில் ‘உட்கார இடம் உண்டு’ என்ற ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

தெளிவான விளம்பரத்திலும் குறை உண்டு. அது கதவுத் தாளில் அடங்காது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் முழுதாக யாரும் படிக்க மாட்டார்கள். விசாரித்து வருகிறவர்கள் குறைவார்கள், இருக்கிற ஒரே ஆளும் விடுப்பில் போன கடைக்கு அது பெரிய இழப்பு. ஆகவே கதவில் சம்பளம், நேரம், முதல் மாத வேலை ஆகிய மூன்றை மட்டும் போட்டு, மீதியை நேரில் வருகிறவளிடம் எழுத்தாகக் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். இன்னொன்று, வாக்குறுதி. தை, ஆவணி முகூர்த்த நாட்களில் அந்த ஒரு மணி நேரப் பயிற்சி நிச்சயம் காணாமல் போகும். கூட்டம் குறைந்த செவ்வாய்க்கிழமையில் அது ஈடுசெய்யப்படும் என்று எழுத முடியாத கடை, தினசரிப் பயிற்சி என்றும் எழுதக் கூடாது.

எந்த விளம்பரமும் சொல்லாத ஒன்று, சேரும் நாளில் வருகிறது: ஓராண்டு ஒப்பந்தம், அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வது. கற்றுக்கொடுத்த பெண் 2,000 ரூபாய் அதிகத்துக்கு அடுத்த தெருவுக்குப் போய்விடுவாள் என்ற பயம் பொய்யல்ல. ஆனாலும் சான்றிதழைப் பிடித்து வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. த்ரெடிங் தேறியதும் ஒரு உயர்வு, ஃபேஷியல் தேறியதும் ஒரு உயர்வு என்று முதலிலேயே எழுதிக் கொடுத்தால், அடுத்த தெரு தரும் அந்த 2,000 இங்கேயே கிடைக்கும்.