தொடித்தலை விழுத்தண்டினாரும் என் ஆயாவும்: புறநானூறு 243 பற்றி ஒரு குறிப்பு

போன வருஷம் என் ஆயாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதினேன். அம்மாவைப் பெற்ற ஆயா. சதுரங்கப்பட்டினத்தில்தான் பிறந்து, வாழ்ந்து, இப்போது மறந்துகொண்டும் இருக்கிறார். பாட்டின் முக்கியமான இரண்டு வரி இது:

அலை வந்து அழித்த கோலம் போல
என் பேரை அழித்தது உன் நினைவு.

படித்தவர்கள் கண் கலங்கியது என்றார்கள். எனக்கும் கொஞ்ச நாள் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் வேறு ஒரு வேலையாகப் புறநானூற்றின் கையறுநிலைப் பாட்டுகளை வரிசையாகப் படிக்கும்போது 243-க்கு வந்தேன். படித்து முடித்ததும் என் பாட்டின் மேல் ஒரு சங்கடம் வந்தது. அந்தச் சங்கடம் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுதான் இந்தக் குறிப்பு.

பாட்டு தெரியாதவர்களுக்காகச் சுருக்கம். 14 அடிதான். ஒரு கிழவர் பேசுகிறார். இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது என்று ஆரம்பிக்கிறார். ஈர மணலில் பாவை செய்து அதற்குப் பூப் பறித்துச் சூட்டியது, குளத்தில் ஆடும் பெண்களோடு கைகோத்துக்கொண்டு அவர்கள் தழுவினால் தழுவி அசைந்தால் அசைந்தது, ஒளிவுமறைவே தெரியாத சேக்காளிகளோடு சுற்றியது என்று போகிறது. பிறகு, துறையில் தண்ணீருக்குப் பக்கமாகத் தாழ்ந்திருந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மிரள, தண்ணீர் சிதற, ஆழமான மடுவில் தொபீரென்று குதிக்கிறார். அடிவரை போய் ஒரு பிடி மணலை அள்ளிக்கொண்டு மேலே வருகிறார். அந்த ஒன்றும் அறியாத இளமை இப்போது எங்கே இருக்கிறதோ என்று கேட்கிறார். யாருக்கு? பூண் போட்ட பெரிய தடியை ஊன்றிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு, இருமலுக்கு நடுவே சில சொற்கள் மட்டும் பேசும் கிழவர்களான எங்களுக்கு. அவ்வளவுதான் பாட்டு.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். இந்தக் கிழவருக்கு மறதி நோய் இல்லை. அவர் எதையும் மறந்ததாகப் பாட்டில் இல்லை. அப்படியிருக்க, மறக்கும் பாட்டியைப் பற்றி எழுதுகிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது? எனக்குக் கிடைத்தது அவர் நினைவின் வடிவம். 10-வது அடி வரை இளமை. முதுமைக்குக் கடைசி 3 அடிதான். அந்த மூன்றிலும் அவர் நேற்று என்ன செய்தார், யாரோடு இருக்கிறார், என்ன சாப்பிட்டார் என்று ஒரு தகவலும் கிடையாது. தடி, நடுக்கம், இருமல் மட்டும். தூரத்தில் உள்ளது துலக்கமாக இருக்கிறது, பக்கத்தில் உள்ளது காலியாக இருக்கிறது.

1881-இல் தியோடூல் ரிபோ என்ற பிரெஞ்சு உளவியலாளர் நினைவின் நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். நினைவு சிதையும்போது புதியது முதலில் போகும், பழையது கடைசியில் போகும் என்பது அவர் சொன்ன ஒழுங்கு. இன்றைக்கும் அதை ரிபோ விதி என்றே சொல்கிறார்கள். மறதி நோய் உள்ள பெரியவர் இருக்கும் வீட்டில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஆயாவுக்குக் காலையில் கஞ்சி குடித்தது பத்து மணிக்கு நினைவிருக்காது. ஆனால் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் பூவரசமரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று கையை நீட்டிக் காட்டுவார். அந்த மரம் இப்போது இல்லை.

இரண்டாவது, பாட்டின் வாக்கிய அமைப்பு. இளமைப் பகுதி முழுக்க வினையெச்சங்களாக ஓடுகிறது: சூட்டி, பிணைந்து, தழுவி, ஏறி, பாய்ந்து, குளித்து. ஒன்று முடியாமல் அடுத்ததைப் பிடித்துக்கொண்டு போய், கடைசியில் 'இளமை' என்ற ஒரே பெயர்ச்சொல்லில் விழுகிறது. ஆட்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண்கள் யார், சேக்காளிகள் யார், எந்த ஊர், எந்த ஆறு, எதுவும் கிடையாது. பெயர் சொல்லி வருவது ஒரு மரம் மட்டும். நம்மைப் போன்றவர்களுக்கு இது குறையாகப் படலாம். ஆனால் வயதானவர்களிடம் முதலில் நழுவுவது பெயர்கள்தான் என்பதை யோசித்தால் இதன் நியாயம் புரியும். ஆளின் பெயர் போன பிறகும் அந்த ஆளோடு செய்த காரியம் கையிலும் காலிலும் இருக்கிறது. என் பாட்டில் ஆயா செய்யும் காரியம் என்று ஒன்றுகூட இல்லை. அவர் மறக்கிறார், அவ்வளவுதான். அதிலும் அவர் மறப்பது என் பெயரை!

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். இருமலுக்கு நடுவே சில சொல் மட்டும் பேசுகிறவர் என்று அவரே சொல்லிக்கொள்கிறார். அப்படியானால் மூச்சு விடாமல் பத்தடிக்கு ஓடும் அந்த நீளமான வாக்கியத்தை யார் பேசினது? முதல் அடியைத் திரும்பப் பார்த்தால் விடை இருக்கிறது. அவர் ஆரம்பிப்பது 'நினைத்து' என்ற வினையோடு. அந்தப் பத்தடியும் உள்ளே ஓடுவது. திண்ணையில் அவர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் உங்களுக்குக் கேட்டிருப்பது ஒரு இருமல், அப்புறம் "மரம்...", அப்புறம் ஒரு இருமல், அப்புறம் "மணல்...". உள்ளே ஒரு ஆறு முழுசாக ஓடிக்கொண்டிருந்தது வெளியே தெரிந்திருக்காது. பாட்டு இரண்டையும் நமக்குக் காட்டிவிடுகிறது. முதலில் உள்ளே இருப்பதைக் காட்டிவிட்டு, கடைசி மூன்றடியில் வெளியே கொண்டுவந்து நிறுத்துகிறது.

இங்கேதான் என் சங்கடம். நாம் தாத்தா பாட்டியின் மறதியைப் பற்றி எழுதுவதெல்லாம் வெளியே உட்கார்ந்து எழுதுவது. நமக்குக் கேட்பது அந்தச் சில சொல் மட்டும். மீதியை நம் துக்கத்தால் நிரப்பிக்கொள்கிறோம். என்னை மறந்துவிட்டாயே, என் பேர் தெரியவில்லையே என்று. மிகையான அழுகை வருவது இந்த இடத்தில்தான் என்று இப்போது தோன்றுகிறது. அழுகிற பொருள் பெரியதாக இருப்பதால் அல்ல, அழுகிறவன் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வதால். புறநானூற்றுக் கிழவருக்கு உறவாக யாரும் பக்கத்தில் இல்லை. அவர் 'எனக்கு' என்றுகூடச் சொல்வதில்லை, 'எங்களுக்கு' என்கிறார். தன் கதையைத் தனிக்கதையாக ஆக்கிக்கொள்ளவில்லை.

தொகுத்தவர்கள் இந்தப் பாட்டை வைத்த இடமும் கவனிக்க வேண்டியது. கையறுநிலை என்பது வழக்கமாக இறந்துபோன தலைவனுக்காகப் பாடுவது. இதற்கு முந்தைய 242 ஒல்லையூர்ப் பெருஞ்சாத்தன் இறந்ததற்குக் குடவாயிற் கீரத்தனார் பாடியது. அந்த வரிசையில் ஒருவரும் சாகாத இந்தப் பாட்டைச் சேர்த்திருக்கிறார்கள். செத்தது ஒரு ஆளின் இளமை, இரங்குபவர் அதே ஆள். மறதி நோய் உள்ளவர்களின் வீட்டில் இந்தத் துறை சரியாகப் பொருந்தும். ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே இழவு நடக்கிறது. ஆனால் பாட்டில் ஒப்பாரி இல்லை. ஒரு கேள்வி கேட்டு, பதில் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்.

இன்னொன்று. இந்தப் புலவரின் இயற்பெயர் நம்மிடம் இல்லை. செம்புலப்பெயனீரார் போல, அணிலாடு முன்றிலார் போல, இவருக்கும் பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துப் பெயராக வைத்துவிட்டார்கள். தமிழ் மரபு அவர் பேரை மறந்து தடியை நினைவில் வைத்துக்கொண்டது. எங்கள் ஊர் டச்சுக் கோட்டைக்குள் இருக்கும் கல்லறைகளில் இதற்கு நேர் எதிரானதைப் பார்க்கலாம். டச்சு மொழியில் பெயரும் தேதியும் அழகாகச் செதுக்கியிருக்கிறார்கள், கல்லும் நிற்கிறது. அந்த ஆள் சின்னப் பையனாக எந்தத் தண்ணீரில் குதித்தான் என்று ஒருவருக்கும் தெரியாது. பெயர் மறந்துபோனால் எல்லாம் போய்விட்டது என்று நான் எழுதியது எவ்வளவு அவசரமான முடிவு என்று அந்தக் கற்களைப் பார்த்தபோது நினைத்தேன்.

இந்தப் பாட்டு போகாத தூரமும் உண்டு. ரிபோ சொன்ன ஒழுங்கில் கடைசியில் பழையதும் போகும். மருதமரமும் போகும், மணலும் போகும். அந்த நிலையைப் பற்றி 243 ஒன்றும் சொல்லவில்லை. அங்கே உள்ளிருந்து பேச ஆள் இருக்காது. அதை எழுத வேறு வழி வேண்டும், எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆயா இன்னும் அங்கே போகவில்லை.

இப்போதெல்லாம் என்னைத் தன் தம்பி என்று நினைத்துக்கொள்கிறார். முன்பு "ஆயா, நான் உன் பேரன், நல்லா பாரு" என்று திருத்துவேன். அவர் முகம் சுருங்கிப்போகும். அவர் உள்ளே ஓடிக்கொண்டிருந்ததை நான் ஒவ்வொரு தடவையும் நிறுத்திக்கொண்டிருந்தேன் என்பது 243 படித்த பிறகுதான் உறைத்தது. போன மாசம் ஒரு சாயங்காலம் "கழியில தண்ணி ஏறிடுச்சு, எங்கடா போன இவ்ளோ நேரம்?" என்று அதட்டினார். "இதோ வந்துட்டேன்கா" என்றேன். பழைய பாட்டைக் கிழித்துவிட்டு இதை எழுதி வைத்திருக்கிறேன்:

கழியில தண்ணி ஏறிடுச்சாம்,
தம்பி இன்னும் கரைக்கு வரலையாம்.
வந்துட்டேன் என்றேன்.
முந்தானையால் என் தலையைத்
துவட்டிவிட்டாள்.

நல்ல பாட்டா என்று தெரியாது. ஆனால் இதில் ஆயா ஒரு காரியம் செய்கிறார்.