பெட்டிச் சீட்டில் இன்னும் மதராஸ்

சென்னைக்கு வரும் பெட்டியின் கைப்பிடியில் ஒட்டிய சீட்டில் MAA என்று கொட்டை எழுத்தில் இருக்கும். 1996இல் மதராஸ் சென்னையானது, சீட்டு மாறவில்லை. மும்பை இன்றும் BOM, கொல்கத்தா CCU. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் லெனின்கிராடின் LED-ஐயும், ஹோ சி மின் நகரம் சைகோனின் SGN-ஐயும் சுமக்கின்றன.

இதைப் பழைய பெயர்மீதுள்ள பிடிவாதம் என்று நான் கருதவில்லை. இந்தக் குறியீடுகளை வழங்கும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம், விமானப் பாதுகாப்பு போன்ற வலுவான காரணமின்றி அவற்றை மாற்றுவதில்லை. பயணச்சீட்டு, கட்டணப் பட்டியல், சரக்குச் சீட்டு எல்லாம் இந்த மூன்றெழுத்தில்தான் நிற்கின்றன. மாற்றினால் எல்லா நிறுவனங்களும் ஒரே நேரத்தில் மாற்றியாக வேண்டும். ஒரு கணினியில் விட்டுப்போனாலும் பெட்டி வழிதவறும். ஆகவே நிலைத்தன்மையே இம்முறையின் பெரும்பலம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 26 எழுத்துகளை மும்மூன்றாகச் சேர்த்தால் 17,576 குறியீடுகளே கிடைக்கும். ஒன்றை இரண்டு ஊருக்குத் தர முடியாது. MAD மாட்ரிட்டிடம் இருக்கிறது. விரும்பிய எழுத்து கிடைக்காத ஊர், பெயரோடு ஒட்டாத எழுத்துகளை ஏற்க வேண்டியதுதான்.

இந்தியாவில் பல ஊர்களுக்கு IX என்ற பொதுத் தொடக்கம் அமைந்தது அப்படித்தான். சண்டிகர் IXC, ராஞ்சி IXR, மதுரை IXM. முதல் இரண்டெழுத்து ஊரைப் பற்றி எதுவும் சொல்லாததால், அடையாளத்தின் முழுப் பாரமும் கடைசி எழுத்தில் விழுகிறது.

மதுரையையும் மங்களூரையும் எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இரண்டுமே M-இல் தொடங்குகின்றன. M மதுரைக்குப் போக, மங்களூர் IXE ஆயிற்று. அந்த E பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலின் கடைசியில் வருவது. மங்களூரு என்று மாறிய பின் அதுவும் பெயரில் இல்லை. பெயரை வைத்து ஊகிப்பவர் IXM-ஐ மங்களூர் என்று நினைத்தால் அது அவர் தவறல்ல. திருச்சியின் TRZ-க்கும் திருவனந்தபுரத்தின் TRV-க்கும் இடையிலும் ஓர் எழுத்துதான் வேறுபாடு.

பெட்டியைப் பிரிக்கும் இயந்திரம் பட்டைக்கோட்டிலுள்ள பத்து இலக்க எண்ணைப் படிக்கிறது. எழுத்து ஒற்றுமை அதைக் குழப்பாது. கோடு கிழிந்தோ மங்கியோ போனால் ஊழியர் கண்ணால் படிக்க வேண்டும். தவறு நுழைய இடம் அங்கேதான்.

ஆகவே, பெயர் மாற்றத்துக்காகக் குறியீட்டை மாற்றக் கோருவது வீண். குறியீட்டுக்கு அருகே ஊர்ப்பெயரை முழுதாகவும் பெரிதாகவும் அச்சிடக் கோருவதே நியாயம். அதுவரை, கவுன்டரில் பெட்டியை விடுமுன் சீட்டின் மூன்றாவது எழுத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.