அட்டியில் அடுக்கிய கணக்கு

திருவாரூர்ப் பக்கம் அறுவடை தொடங்கினால், தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நெல் கொள்முதல் நிலையங்களுக்குப் பருவகால ஆட்கள் தேவைப்படும். உதவுபவர், பட்டியல் எழுத்தர் என்று பதவிகள். சான்றிதழ் வாசல்வரைதான், கை தேறுவது களத்தில்.

முதல் பாடம் ஈரப்பதம். வழக்கமான வரம்பு 17 சதவீதம். 20 சதவீத ஈரத்தில் கட்டிய 40 கிலோ மூட்டை 17-க்குக் காய்ந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ குறையும். இது தெரிந்தவர் எடை குறைந்ததும் திருட்டென்று பதறமாட்டார். அந்த மூட்டை இருக்கும் அட்டி என்றைக்குப் போட்டது என்று பார்ப்பார்.

அடுத்தது இன்னும் ரசமானது. நாளுக்கு 1,000 மூட்டை வாங்கினால் 40 டன். 20 டன் ஏற்றும் லாரி ஒன்றுதான் வருகிறதென்றால் தினமும் 500 மூட்டை தேங்கும். நான்காம் நாள் மாலை 2,000. தார்ப்பாய் போதுமா? மழைக்கு முன் எந்த அட்டி கிளம்ப வேண்டும்? முதலில் வந்தது முதலில் போகட்டும் என்பது விதி. ஆனால் கைவைத்தால் சுடுகிற ஈர மூட்டை, வரிசையை மீறித்தான் போகவேண்டும்.

மூட்டை எண்ணியவர் இதையெல்லாம் இரண்டு நாள் முன்னதாகவே கேட்கத் தொடங்கினால், தனியார் கிடங்குகளில் பிளானர் என்று சொல்லும் வேலையைத்தான் செய்கிறார். அங்கே நேர்காணலுக்குப் போகிறவர், ஒரு வாரத்து வரவு, அனுப்பு, இருப்பை எக்ஸெல்லில் போட்டு எடுத்துச் செல்லலாம்.