காட்சியும் கண்ணும்: நாவல் வரைவில் நோக்குநிலைப் பிறழ்வு

சங்க அகப்பாடல் ஒன்றை எடுத்த மாணவன் முதலில் கேட்கும் வினா, இது யார் கூற்று என்பதாகும். தலைவி கூற்றெனக் கொண்ட பாட்டைத் தோழி கூற்றென மாற்றினால், சொற்கள் மாறாதிருக்கவும் பொருள் மாறிவிடும். நாவலில் இவ்வினா வேறு வடிவம் பெறுகின்றது. அங்கே கதை சொல்பவர் ஆசிரியரே ஆயினும், ஒரு காட்சியை எவருடைய கண்ணால் காண்கின்றோம் என்பது தனி வினாவாகி விடுகின்றது. ஹென்றி ஜேம்ஸ் 1903 இல் வெளியிட்ட ‘தூதர்கள்’ என்னும் நாவலில் கதை முழுவதையும் ஸ்திரெதர் என்னும் ஒருவனுடைய அறிவின் எல்லைக்குள் நிறுத்தினார். பேர்சி லபொக் 1921 இல் எழுதிய திறனாய்வு நூல், இம்முறையை நாவற்கலையின் தலையாய பிரச்சினையாக எடுத்து ஆராய்ந்தது. இதனை நோக்குநிலை எனலாம்.

ஒரு காட்சியில் ஆசிரியன் தன்னை அறியாமலே ஒருவர் உள்ளத்திலிருந்து மற்றொருவர் உள்ளத்துக்குத் தாவிவிடுவதே நோக்குநிலைப் பிறழ்வாகும். வரைவை எழுதியவனுக்கு இருவர் மனமும் ஒருங்கே தெரியும். ஆதலின் தாவியது அவன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதனைக் கண்டுபிடிக்கும் வழியை ஒரு சிறு காட்சி கொண்டு விளக்கலாம். கொழும்பிலிருந்து வீடு திரும்பும் நடராசன் என்னும் இளைஞன் கண்டவாறு எழுதத் தொடங்கிய வரைவு எனப் பின்வருவதைக் கொள்க:

“நடராசன் படலையைத் திறந்தான். திண்ணையில் ஐயா இருந்தார். அவருடைய காதுகளில் கடுக்கன் இல்லை. கேட்க வாயெடுத்தவன் அடக்கிக்கொண்டான். சுப்பையா சால்வையை இழுத்துக் காதுகளை மூடினார். கடுக்கனை அடகு வைத்ததை மகனுக்கு எப்படிச் சொல்வதென்று அவர் மனம் பதைத்தது. பயணக் களைப்பால் நடராசனின் கண்கள் சிவந்திருந்தன. ‘சாப்பிட்டியோ, தம்பி?’ என்று கேட்டுக்கொண்டே அவர் குசினிக்குள் போனார். சிறிது நேரத்தில் நடராசனும் அங்கே வந்தான். அப்போது படலையில் வேலுப்பிள்ளை வந்து நின்றான்.”

இதில் பத்து வாக்கியங்கள் உள. ஒவ்வொன்றின் ஓரத்திலும், ‘இதனை இவ்வாறு அறியக்கூடியவர் யார்?’ என்னும் வினாவுக்கு விடையாக ஒரு பெயரை எழுதிச் செல்வதே சோதனை. முதல் நான்குக்கும் நடராசன் என்ற விடை இடர்ப்பாடின்றி அமைகின்றது. ஆறாம் வாக்கியத்தில் தந்தையின் மனப் பதைப்பு கூறப்படுகின்றது. அதனை அறிபவர் அவர் ஒருவரே. இது வெளிப்படையான பிறழ்வு. நினைத்தல், அஞ்சுதல், உணர்தல் முதலிய உள்ளத்து வினைகளைக் கோடிட்டுப் பார்த்தால் இத்தகையவை எளிதில் அகப்படும்.

ஏழாம் வாக்கியம் அத்துணை எளிதில் அகப்படுவதன்று. அதில் உள்ளத்து வினை எதுவும் இல்லை, பேசப்படுபவனும் நடராசனே. ஆயினும் கண்ணாடி முன் நில்லாத ஒருவன் தன் கண்கள் சிவந்திருப்பதைக் காண்பதெங்ஙனம்? அவனுக்குத் தெரிவது கண்ணின் எரிச்சல். சிவப்பைக் காண்பவர் எதிரே இருக்கும் தந்தை. நோக்குநிலைக்கு உரிய பாத்திரத்தின் முகத்தையும் நிறத்தையும் வெளியே நின்று வருணிக்கும் இடங்களில் எல்லாம் இவ்வையம் எழுதல் வேண்டும்.

இனி, தமிழுக்கே சிறப்பாக உரிய அடையாளங்கள் மூன்று உள. முதலாவது, பெயர். இரண்டாம் வாக்கியத்தில் ‘ஐயா’ என இருந்தவர் ஐந்தாம் வாக்கியத்தில் ‘சுப்பையா’ ஆகின்றார். சால்வையை இழுத்த செயல் நடராசன் காணக்கூடியதே. ஆனால் மகன் மனத்தில் தந்தைக்கு அப்பெயர் இல்லை. ஆறாம் வாக்கியத்தில் வெளிப்படும் தாவல், ஈண்டுப் பெயர் மாறியபோதே தொடங்கிவிட்டது.

இரண்டாவது, வினையின் விகுதி. ‘வேலுப்பிள்ளை வந்து நின்றான்’ என்பதில் ஆன் விகுதி யாருடைய மதிப்பீடு? வட்டிக்குப் பணம் கொடுக்கும் வேலுப்பிள்ளை, வயதில் மூத்த சுப்பையாவுக்கு ‘அவன்’ ஆகலாம். இளைஞனான நடராசனுக்கு அவர் ‘அவர்’ ஆவார். ஆங்கிலத்தில் இவ்விருவகைக்கும் வடிவம் ஒன்றே. தமிழிலோ ஓரெழுத்து மாற்றமே கண்ணையும் மாற்றிவிடுகின்றது.

மூன்றாவது, இயக்கத்தின் திசை. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில், வரவும் தரவும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன என்றும், செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியன என்றும் வகுத்தார். பிற்கால வழக்கில் இவ்வரையறை நெகிழ்ந்தது உண்மை. எனினும் ‘வந்தான்’ என்னுஞ் சொல் இன்றும் கேட்பவன் மனத்தை அவன் வந்துசேர்ந்த இடத்திலேயே நிறுத்துகின்றது. ஒன்பதாம் வாக்கியத்தில் நடராசன் குசினிக்கு ‘வந்தான்’ எனின், கதையின் கண் தந்தையோடு முன்னரே குசினிக்குட் புகுந்துவிட்டது என்பதே பொருள். நடராசனோடு நிற்கும் கண்ணுக்கு அவன் குசினிக்குப் ‘போனான்’ என்பதே பொருந்தும்.

இப்பிறழ்வால் விளையும் இழப்பு இலக்கணத்தோடு நின்றுவிடுவதன்று. கடுக்கன் எங்கே என்னும் வினாவே இக்காட்சியின் உயிர். நடராசன் கேட்காது அடக்கிய அவ்வினாவை வாசகனும் அவனோடு சுமந்து செல்லல் வேண்டும். ஆறாம் வாக்கியம் விடையைக் கூறியவுடன், வாசகன் நடராசனை விட்டு விலகி, அவன் எப்போது அறிவான் என்று வெறுமனே காத்திருப்பவன் ஆகிவிடுகின்றான். திருத்திய வடிவம் பின்வருமாறு அமையலாம்:

“ஐயா சால்வையை இழுத்துக் காதுகளை மூடினார். வெயில் இன்னும் தணியவில்லை. அந்நேரத்தில் அவர் சால்வை போர்த்து அவன் கண்டதில்லை. அவனுக்குக் கண்கள் எரிந்தன. ‘சாப்பிட்டியோ, தம்பி?’ என்று கேட்டுக்கொண்டே அவர் குசினிக்குள் போனார். சிறிது நேரத்தில் அவனும் போனான். அப்போது படலையில் வேலுப்பிள்ளை வந்து நின்றார். ஐயா அந்தப் பக்கம் திரும்பவில்லை.”

இங்கே அடகு என்ற சொல்லே இல்லை. வெயிலிற் போர்த்த சால்வையும் திரும்பாத முகமும் அதனை உணர்த்துகின்றன. ‘அவர் மனம் பதைத்தது போலும்’ என ஒரு சொல்லை ஒட்டிவிட்டாலும் பிறழ்வு நீங்கும். ஆனால் ‘போலும்’ பலகால் வரின் நடை தளரும். காணத்தக்க செயல் ஒன்றைத் தேடுவதே மேலான திருத்தம்.

உள்ளம் விட்டு உள்ளம் செல்லுதல் எல்லாம் பிழை எனக் கொள்ளல் தவறு. தோல்ஸ்தோயின் ‘அன்னா கரேனினா’வில், வேட்டைக்குச் சென்ற லெவினின் உள்ளத்திலிருந்து அவனுடைய நாயின் உள்ளத்துக்குக் கூடக் கதை செல்கின்றது, வாசகன் தடுமாறுவதில்லை. எங்கும் செல்லும் உரிமையை அந்நூலின் குரல் முதலிலிருந்தே பெற்றிருப்பதே காரணம். வேர்ஜீனியா வுல்ஃப் 1927 இல் வெளியிட்ட ‘கலங்கரை விளக்கத்துக்கு’ என்னும் நாவலின் விருந்துக் காட்சியில், மேசையைச் சூழ்ந்திருப்போர் உள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கின்றன. அத்தனிமைகளை ஒரு மேசையில் சேர்த்துக் காட்டுவதே அக்காட்சியின் நோக்கம்.

ஆகவே, ஓரத்திற் குறித்த பெயர்களை இறுதியில் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை நோக்கல் வேண்டும். பெயர்கள் ஒரு முறைப்படி மாறி, மாறுந்தோறும் காட்சிக்குப் புதிதாக ஏதேனும் சேருமாயின், அது ஆசிரியன் கொண்ட முறை. ஒரே பெயர் நிரம்பிய ஓரத்தில் வேறொரு பெயர் இரண்டோர் இடங்களில் மட்டும் தலைகாட்டி மறையுமாயின், அவ்விடங்களில் ஆசிரியன் தன் பாத்திரத்தின் கையை விட்டுவிட்டான் என்பது தெளிவு. நடராசனின் காட்சியில் அவ்வாறு கை நழுவிய இடம், ‘ஐயா’ என்னும் சொல் ‘சுப்பையா’ ஆன இடமேயாகும்.